‘பலனை எதிர்பாராதே’ என்று கீதை சொல்கிறதா?

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருந்தது. வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேர், முன்னால் கிருஷ்ணர், பின்னால் கைகூப்பிய அர்ஜுனன். கீழே பெரிய எழுத்தில், ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே.’ அங்கே சம்பளம் பத்தாம் தேதி தாண்டும், சில மாதம் இருபதும் தாண்டும். கேட்கப் போனால் அவர் திரும்பி அந்தப் படத்தைப் பார்ப்பார், பிறகு எங்களைப் பார்ப்பார். ஏமாற்றும் எண்ணத்தில் அவர் அப்படிச் செய்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. கீதை அப்படித்தான் சொல்கிறது என்று உண்மையாகவே நம்பினார். நாங்களும் நம்பினோம். அதனால்தான் எங்களிடம் பதில் இல்லை.

பல வருடம் கழித்து, ஓரளவு சமஸ்கிருதம் படித்து அந்த சுலோகத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். படத்தில் இருந்த வாக்கியத்தை அதில் தேடினேன். ‘கடமை’ என்ற சொல் இல்லை. ‘எதிர்பார்’ என்ற வினை இல்லை. அதைவிட முக்கியம், சுலோகத்தில் இருந்த ஒரு முழு வரி படத்தில் இல்லை.

சுலோகத்தில் இருப்பது என்ன

கீதையின் இரண்டாம் அத்தியாயம், 47ஆவது சுலோகம். தமிழ் எழுத்தில் இப்படி வரும்:

கர்மண்யேவாதிகாரஸ்தே மா பலேஷு கதாசன
மா கர்மபலஹேதுர்பூர் மா தே ஸங்கோஸ்த்வகர்மணி

எட்டெட்டு அசைகள் கொண்ட நான்கு பாதங்கள். ஒவ்வொரு பாதமும் தனித்தனியாக ஒரு செய்தி சொல்கிறது. முதல் பாதம்: செயலில்தான் உனக்கு அதிகாரம். இரண்டாவது: பலன்களில் ஒருபோதும் இல்லை. மூன்றாவது: செயலின் பலனையே காரணமாகக் கொண்டவன் ஆகாதே. நான்காவது: செயலின்மையிலும் உனக்குப் பற்று வேண்டாம்.

‘பலேஷு’ என்பது ஏழாம் வேற்றுமை. தமிழில் ‘பலன்களில்’ என்று ‘இல்’ உருபு போட்டுச் சொல்கிறோமே, அதேதான். முதல் பாதத்தில் இருக்கும் ‘அதிகாரம்’ என்ற சொல்லையே இரண்டாம் பாதத்துக்கும் கூட்டிப் படிக்க வேண்டும். ‘பலன்களில் உனக்கு அதிகாரம் இல்லை’ என்பதுதான் வாக்கியம். பலனை நினைக்கலாமா கூடாதா, எதிர்பார்க்கலாமா கூடாதா என்ற பேச்சே இந்த இடத்தில் எழவில்லை. எது உன் எல்லைக்குள் இருக்கிறது, எது வெளியே இருக்கிறது என்ற பேச்சுதான் நடக்கிறது.

‘அதிகாரம்’ என்றதும் இன்று நமக்குக் காவல்துறை அதிகாரியோ தாசில்தாரோ நினைவுக்கு வருவார். இந்தச் சொல்லுக்குப் பின்னால் வேள்வி மரபின் நீண்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. ‘சொர்க்கத்தை விரும்புகிறவன் வேள்வி செய்க’ என்று ஒரு விதி இருந்தால், அந்த வேள்விக்கு யார் அதிகாரி என்று, வேத விதிகளுக்குப் பொருள் ஆராய்ந்த மீமாம்சகர்கள் கேட்பார்கள். ஜைமினியின் மீமாம்சா சூத்திரத்தில் ஆறாவது அத்தியாயம் முழுவதும் இந்த ‘அதிகாரம்’ பற்றியதுதான். அவர்கள் வந்தடைந்த விடை எளிது: எவன் அந்தப் பலனை விரும்புகிறானோ, எவனுக்கு அந்தப் பலன் சொந்தமாகப் போகிறதோ, அவனே அந்தச் செயலுக்கு அதிகாரி. அதாவது செய்யும் தகுதியும் பலனின் உரிமையும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு முனைகள்.

கீதை அந்தக் கயிற்றை நடுவில் வெட்டுகிறது. செய்யும் முனை உன் கையில், பலன் முனை உன் கையில் இல்லை என்கிறது. இது தற்செயலாக வந்த சொல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் இதற்குச் சற்று முன்னால், 42 முதல் 44 வரையிலான சுலோகங்களில், சொர்க்கத்தையும் போகத்தையும் செல்வத்தையும் குறிவைத்து விதவிதமான சடங்குகளில் மூழ்கியிருப்பவர்களைப் பற்றித்தான் கிருஷ்ணர் பேசிக்கொண்டிருக்கிறார். ‘இதைச் செய்தால் அது எனக்கு வந்தாக வேண்டும்’ என்ற மனக்கணக்கு அது. 47ஆவது சுலோகம் அந்தக் கணக்குக்குச் சொன்ன பதில். அதை அந்த இடத்திலிருந்து பிய்த்து எடுத்துச் சுவரில் மாட்டினால் யார் கணக்குக்குப் பதில் சொல்கிறது என்பதே மறைந்துவிடுகிறது.

மூன்றாம் பாதத்தில் வரும் ‘பலஹேது’ என்ற சொல்லும் சற்று நின்று பார்க்க வேண்டியது. பலனைத் தன் செயலுக்கு ஹேதுவாக, அதாவது காரணமாக வைத்திருப்பவன் என்று பொருள். இப்படித்தான் இதைப் படிக்க வேண்டும் என்பதற்கு இரண்டு சுலோகம் தள்ளியே ஆதாரம் இருக்கிறது. 49இல் ‘க்ருபணா: பலஹேதவ:’ என்று வருகிறது. பலனைக் காரணமாகக் கொண்டவர்கள் இரங்கத்தக்கவர்கள் என்று பொருள். நம் ஊரில் கருமியைக் கிருபணன் என்பார்களே, அதே சொல். எனக்கு இந்தச் சொல்லாட்சி மிகவும் பிடிக்கும். செய்த ஒவ்வொரு வேலைக்கும் என்ன வந்தது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பவரை வேறு எந்தச் சொல் இவ்வளவு சரியாகப் படம்பிடிக்கும்?

அப்படியானால் அந்தத் தமிழ் வாக்கியம் எங்கிருந்து வந்தது

அது முற்றிலும் இட்டுக்கட்டியது என்று சொல்ல மாட்டேன். ஆறாம் அத்தியாயத்தின் முதல் சுலோகத்தில், ‘பலனைச் சாராமல், செய்ய வேண்டிய செயலை எவன் செய்கிறானோ அவனே சந்நியாசி, அவனே யோகி’ என்று வருகிறது. ‘கார்யம் கர்ம’, அதாவது செய்தாக வேண்டிய செயல் என்பது கடமைக்கு நெருக்கமான சொல். ஆகவே படத்தில் இருந்த வாக்கியம் 2.47ஐவிட இந்தச் சுலோகத்துக்கே உறவு. அங்கேயும் சொல் ‘அநாச்ரித:’ என்பதுதான். சாயாமல், அண்டியிராமல் என்று பொருள். சுவரைப் பார்ப்பது வேறு, சுவரில் சாய்ந்து நிற்பது வேறு அல்லவா? பார்க்காதே என்று அங்கும் சொல்லவில்லை. பலன் விழுந்தால் கூடவே நீயும் விழுந்துவிடும்படி அதில் சாய்ந்து நிற்காதே என்பதுதான் செய்தி.

மூன்றாம் அத்தியாயத்தின் 30ஆவது சுலோகத்தில் ‘நிராசீ:’ என்ற சொல்லும் வருகிறது. ஆசையை விட்டவனாக என்று பொருள். எனவே ‘எதிர்பாராதே’ என்பதற்குக் கீதையில் வேறு இடங்களில் ஓரளவு இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த சுலோகம் முடியும் இடத்தையும் பாருங்கள்: ‘யுத்யஸ்வ விகதஜ்வர:’. காய்ச்சல் நீங்கியவனாகப் போர் செய். விடச் சொல்வது அந்தக் காய்ச்சலைத்தான்.

தமிழில் கேட்கும்போது இன்னொரு கலப்பும் நடக்கிறது. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்னாற்றுங் கொல்லோ உலகு’ என்ற குறள் நம் காதில் ஊறியது. மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்று கேட்கிறார் வள்ளுவர். அது உதவி செய்துவிட்டு அதற்குப் பதிலுதவியை எதிர்பார்க்காத ஒப்புரவு. ‘கடமை’, ‘எதிர்பாராதே’ என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டதும் நாம் கீதையை அந்தக் குறளின் பொருளில் வாங்கிக்கொள்கிறோம். குறள் பேசுவது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் உள்ள உறவைப் பற்றி. கீதையின் சுலோகம் பேசுவது செய்பவருக்கும் அவர் செயலுக்கும் நடுவில் உள்ள உறவைப் பற்றி. இரண்டும் நல்ல கருத்துகள், ஆனால் ஒரே கருத்து இல்லை.

காணாமல் போன நான்காம் பாதம்

சுலோகம் யாரிடம் சொல்லப்பட்டது என்று கொஞ்சம் யோசித்தாலே சுவரில் இருக்கும் வாக்கியம் ஆட்டம் காணும். அர்ஜுனன் வெற்றிக்கு அலைந்துகொண்டிருந்தவனா? இல்லை. முதல் அத்தியாயத்தின் 32ஆவது சுலோகத்தில் அவனே சொல்கிறான்: ‘கிருஷ்ணா, எனக்கு வெற்றி வேண்டாம், நாடும் வேண்டாம், சுகமும் வேண்டாம்.’ அதாவது பலனை ஏற்கெனவே உதறியவன் அவன். அவனிடம் போய் ‘பலனை எதிர்பாராதே’ என்று மட்டும் சொன்னால், ‘அதைத்தானே நானும் சொல்கிறேன், வில்லைக் கீழே வைத்துவிட்டேனே’ என்பான்.

அவனுடைய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வரப்போகும் விளைவுகளை ஒவ்வொன்றாகக் கற்பனை செய்துபார்த்து, குலம் அழியும், தர்மம் அழியும், நாம் வெல்வது நல்லதா அவர்கள் வெல்வது நல்லதா என்றுகூடத் தெரியவில்லை என்று சொல்லித் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட்டான். பலன் வேண்டும் என்பவன் மட்டும்தான் பலனில் மாட்டிக்கொள்கிறான் என்று நினைக்கிறோம். பலனைப் பார்த்துப் பயப்படுகிறவனும் அதே வலையில்தான் இருக்கிறான். அவனுக்காகத்தான் நான்காம் பாதம்: ‘மா தே ஸங்கோஸ்த்வகர்மணி’. ‘சங்கம்’ என்ற சொல்லின் வேர் ஒட்டுதலைக் குறிக்கிறது. சும்மா இருப்பதிலும் மனம் ஒட்டிக்கொள்ளும், அதில் போய் ஒட்டாதே என்கிறார்.

ஆதிசங்கரர் தன் உரையில் இந்தப் பாதத்தை விளக்கும்போது ஒரு கேள்வியை முன்வைக்கிறார். பலன் வேண்டாம் என்றால், துன்பமான இந்தச் செயல் எதற்கு? அப்படி நினைத்துச் செய்யாமல் இருப்பதில் உனக்கு விருப்பம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த நான்காம் பாதம் என்கிறார். முதல் மூன்று பாதங்களைக் கேட்டவர் நேராக எங்கே போய் விழுவார் என்பது சுலோகத்துக்கே தெரிந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குத்தான் கடைசிப் பாதம் வேலி போடுகிறது. நாமோ வேலியைக் கழற்றிவிட்டு மீதியை மாட்டி வைத்திருக்கிறோம்.

‘நம்ம கையில என்ன இருக்கு, நடக்கிறது நடக்கட்டும்’ என்று கையைக் கழுவுகிறவர்கள் கீதையைச் சாட்சிக்கு அழைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பேச்சைத் தடுக்கவே அந்தச் சுலோகம் முடிகிறது. ‘எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது’ என்று தொடங்கும் கீதாசார வாசகம் பல கடைகளில் தொங்குகிறதே, அதைக் கீதையின் எழுநூறு சுலோகங்களில் எங்கும் காண முடியாது. இந்த இரண்டு வாசகங்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கித் தொங்கியே, கீதை என்றால் ஏதோ விட்டேற்றியாக இருக்கச் சொல்லும் நூல் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

விளைவைப் பார்க்காமல் செய்வதைக் கீதை எப்படிப் பார்க்கிறது

பலரும் கவனிக்காத ஒரு சுலோகம் பதினெட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. செயல்களைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிக்கும் இடம் அது. 25ஆவது சுலோகம் தாமசச் செயலுக்கு இலக்கணம் சொல்கிறது: பின்விளைவையும், இழப்பையும், பிறருக்கு நேரும் துன்பத்தையும், தன் சக்தியையும் எண்ணிப் பார்க்காமல், மயக்கத்தில் தொடங்கும் செயல் தாமசம். மூன்றிலும் கடைசிப் படி அதுதான். விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் செய்வதுதான் கீதையின் போதனை என்று நினைப்பவருக்கு, கீதையே அதற்கு வைத்திருக்கும் பெயர் தாமசம்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ‘தெரிந்து செயல்வகை’யின் முதல் குறள் நினைவுக்கு வந்தது. ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.’ எது போகும், எது வரும், பிறகு என்ன கிடைக்கும் என்று மூன்றையும் ஆராய்ந்து செய் என்கிறார். பலனைப் பார்த்துச் செய் என்று வள்ளுவர் சொல்ல, பார்க்காமல் செய் என்று கீதை சொல்கிறது என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 18.25ஐ அந்தக் குறளின் பக்கத்தில் வைத்தால் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

சரி, அப்படியானால் விளைவை எண்ணிப் பார்க்கவும் வேண்டும், விளைவில் பற்றும் கூடாது என்றால் இரண்டும் எப்படிச் சேரும்? 2.47க்கு அடுத்த சுலோகமே விடை தருகிறது. பற்றை விட்டு, ‘ஸித்தி அஸித்தி’ இரண்டிலும் சமமாக நின்று செயல்களைச் செய், அந்தச் சமநிலைக்குத்தான் யோகம் என்று பெயர் என்கிறது 2.48. ஸித்தி என்றால் கைகூடுவது, அஸித்தி என்றால் கைகூடாதது. இலக்கே இல்லாத செயலில் கைகூடுவது ஏது, கைகூடாதது ஏது? அம்பு விடுகிறவனுக்குக் குறி இருந்தால்தான் பட்டதா தவறியதா என்று சொல்ல முடியும். ஆகவே குறி இருக்கும் என்பதை எடுத்துக்கொண்டேதான் அந்தச் சுலோகம் பேசுகிறது. அது கேட்பதெல்லாம், குறி தவறினாலும் வில்லைப் பிடித்த கை நடுங்கக் கூடாது என்பதுதான்.

காந்தி 1929இல் கௌசானியில் தங்கியிருந்தபோது தன் குஜராத்திக் கீதைக்கு எழுதிய முன்னுரையில் இதையே தெளிவாகச் சொல்கிறார். பலனைத் துறப்பது என்றால் பலனைப் பற்றி அக்கறையற்று இருப்பது இல்லை. என்ன விளைவு வர வேண்டும், அதற்கு வழி என்ன, அதைச் செய்யும் திறன் தன்னிடம் உண்டா என்று மூன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். போராட்டங்களை ஒரு தேதிக்குத் தொடங்கி, வேறொரு தேதிக்கு நிறுத்தி, விளைவைக் கூர்ந்து கவனித்துக்கொண்டே இருந்த ஒருவர் இதைச் சொல்கிறார் என்பதால் எனக்கு இதில் கூடுதல் நம்பிக்கை உண்டு.

எதிர்த்திசையிலும் ஒரு தவறான வாசிப்பு இப்போது பரவியிருக்கிறது. ‘பலனை மறந்து வேலையில் கவனம் வை, பலன் தானாக இன்னும் நன்றாக வரும்’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். நடைமுறையில் அது உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் பலன் கூடுதலாக வர வேண்டும் என்பதற்காகப் பலனை மறப்பவருக்கு ஹேது எது? பலன்தானே? சுற்றிவந்து மூன்றாம் பாதத்தையே மீறுகிறோம். கீதை இதற்குக் காட்டும் முடிவு வேறு. பலனை விட்டவர்கள் பிறவிக்கட்டிலிருந்து விடுபடுகிறார்கள் என்கிறது 2.51. அந்த நம்பிக்கை ஒருவருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் விற்பனை இலக்கை எட்டும் உத்தியாக அந்தச் சுலோகம் சொல்லப்படவில்லை.

அக்காவின் நோட்டு

இதெல்லாம் எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை, எங்கள் வீட்டில்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்காதான் பயிற்சி கொடுத்தாள். நாளுக்கு மூன்று வேளை. முதலில் தோள், பிறகு முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். கடைசியாக ஒரு ஸ்பாஞ்ச் பந்தைப் பிடித்து விட வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அக்கா அதை ஒரு கெடுவாக எடுத்துக்கொண்டாள். சுவர்க் காலண்டரில் தொண்ணூறாவது நாளைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டாள்.

ஆறாவது வாரமாகியும் கட்டைவிரல் அசையவில்லை. ஒருநாள் சாயங்காலம், “நீங்க முயற்சியே பண்ண மாட்டேங்கிறீங்கப்பா!” என்று கத்திவிட்டாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்குப் பயிற்சி நின்றது. மறுநாளும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் நான் போனில் கேட்டபோது, “செஞ்சு என்னடா ஆகப்போகுது, எதுவும் அசையற மாதிரி தெரியல” என்றாள்.

இதில் சுலோகத்தின் நான்கு பாதங்களும் இருப்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. பயிற்சி கொடுப்பது அவள் எல்லைக்குள் இருந்தது. அடிபட்ட மூளை எவ்வளவு மீளும் என்பது அவள் எல்லைக்குள் இல்லை. செயல் நிறைவேற ஐந்து காரணங்கள் கூட வேண்டும் என்கிறது 18.14. உடல் ஒன்று, செய்பவர் ஒன்று, கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். அந்த ஐந்தில் அக்கா ஒருத்தி மட்டும்தான். அவளோ ஐந்தும் தானே என்பதுபோல் தொண்ணூறாம் நாளைத் தனக்கு வர வேண்டிய கடனாக எழுதிவைத்துவிட்டாள். அந்த வட்டம் ஹேதுவாக மாறியதும் வேலையே கெட்டது. நாள் நெருங்க நெருங்க விரல்களை அவசரமாக நீட்டினாள், அப்பாவுக்கு வலித்தது, அவர் கையை இறுக்கிக்கொண்டார். வட்டம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்ததும் நேராக அகர்மத்தில், சும்மா இருப்பதில் போய் ஒட்டிக்கொண்டாள். பலன்மேல் வைத்த பிடிதான் மூன்றே நாளில் செயலை விட்டுவிடும் விருப்பமாகத் திரும்பியது.

அவளிடம் அன்றைக்கு யாராவது வந்து ‘பலனை எதிர்பாராம செய்ம்மா’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையைப் பார்க்காமலே அதே பயிற்சியைக் கணக்குக்குச் செய்திருப்பாள். மணிக்கட்டு விறைத்துக்கொண்டு வருகிறதா, தோளில் வலி தொடங்குகிறதா என்று கவனித்திருக்க மாட்டாள். நோயாளிக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

அடுத்த முறை வந்த பிசியோதெரபிஸ்ட் நேர்மாறாகச் சொன்னார். காலண்டரை விடுங்கள், ஒரு நோட்டு போடுங்கள் என்றார். தேதி, எந்த வேளை, பந்தை எத்தனை தடவை பிடித்தார், எந்த இடத்தில் வலித்தது, எப்போது நிறுத்தினார். அக்கா விளைவை முன்னைவிடக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினாள். இரண்டு வாரத்தில் நோட்டே ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. சாயங்காலங்களில் அப்பா களைத்துப்போய் விரல்கள் இறுகிவிடுகின்றன, காலையில் வெந்நீரில் குளித்த பிறகு கை இளகியிருக்கிறது. பந்துப் பயிற்சியைக் காலைக்கு மாற்றினாள். சாயங்காலம் தோளையும் முழங்கையையும் மெதுவாக அசைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வித்தியாசம் எங்கே வந்தது என்று பாருங்கள். இலக்கு அதேதான், கை மீள வேண்டும். பார்ப்பது முன்னைவிட அதிகம். போனது ஒன்றுதான்: ‘இவ்வளவு செய்திருக்கிறேன், எனக்கு இது வந்தே தீர வேண்டும்’ என்ற உரிமைக் குரல். அது இருந்தவரை, அசையாத விரல் அவளுக்கு ஓர் அவமானம். அது போன பிறகு, அசையாத விரல் நாளைக்கு என்ன செய்வது என்று சொல்லும் ஒரு தகவல். நம்மிடம் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. நினைத்தது வராத நாளில் அடுத்த வேலை என்ன என்று கை தேடுகிறதா, இல்லை யார் மேல் தப்பு என்று மனம் தேடுகிறதா?

அவளுக்குக் கவலை போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். பல இரவுகள் அழுதிருக்கிறாள். கீதையும் அழாதே என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. மறுநாள் காலை பந்தை எடுத்தாளா என்பதுதான் அங்கே கேள்வி. எடுத்தாள்.

சம்பளக் கேள்விக்கு வருகிறேன்

அந்தப் பழைய முதலாளிக்குச் சொல்ல வேண்டிய பதில் கீதையிலேயே இருக்கிறது. வேள்வி மரபில் இரண்டு கணக்குகள் உண்டு. வேள்வியின் பலன் அதைச் செய்விக்கும் யஜமானனுக்குப் போகும். வேள்வியை நடத்திக்கொடுக்கும் புரோகிதர்களுக்குத் தட்சிணை உண்டு. தட்சிணை என்பது பலன் இல்லை, அவர்கள் உழைப்புக்கான ஊதியம். சுலோகம் அதிகாரம் இல்லை என்று சொல்வது பலனில். ஊதியத்தில் அதிகாரம் இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், பதினேழாம் அத்தியாயத்தின் 13ஆவது சுலோகம் தாமசமான வேள்விக்கு அடையாளங்களை அடுக்கும்போது, அன்னம் இல்லாதது, மந்திரம் இல்லாதது, சிரத்தை இல்லாதது என்பவற்றோடு ‘அதக்ஷிணம்’ என்ற சொல்லையும் சேர்க்கிறது. தட்சிணை கொடுக்காமல் நடத்திய வேள்வி.

கூலி கொடுப்பதும் ஒரு செயல்தான். அதைச் செய்ய வேண்டியவர் முதலாளி. 2.47ஐ அந்த அறையில் யாருக்காவது படித்துக் காட்ட வேண்டும் என்றால், நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு இல்லை. சம்பள நாள் வந்தும் பணப்பெட்டியைத் திறக்காமல், செய்ய வேண்டிய செயலில் ‘அகர்மம்’ காட்டியவருக்குத்தான். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் படத்தைப் பார்த்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். நான்காம் பாதம் தெரிந்திருந்தால் அங்கேயே நின்று மறுபடியும் கேட்டிருப்பேன்.